சுழிக்குள் இருக்கும் வெள்ளை

நியூஸ்பிரிண்டில் அச்சாகும் மாத இதழ்களின் அலுவலகத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்று இது. "எழுத்து மங்கலாக இருக்கிறது, கண் வலிக்கிறது" என்று வாசகர் கடிதம் போடுவார். ஆசிரியர் டிடிபி ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "தம்பி, அடுத்த இதழுக்கு உள்பக்கம் முழுக்க போல்டு போட்டுடுங்க" என்பார். அடுத்த இதழ் நன்றாகக் கறுத்து வரும். கடிதம் மட்டும் நிற்காது. இந்த முறை, "எல்லாம் கசகசவென்று இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டு கடிதங்களும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன. மலிவான தாளில் சிறிய தமிழ் எழுத்தைப் படிக்க முடியாமல் போவது பெரும்பாலும் கறுப்பு போதாததால் அல்ல, வெள்ளை போதாததால். எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளையைத்தான் சொல்கிறேன்: இரட்டைச்சுழிக் கொம்பின் மேல் சுழிக்குள் இருக்கும் துளி இடம், மூன்று சுழி 'ண'வின் வளைவுகளுக்கு நடுவே இருக்கும் சந்து, மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி. ஃபாண்டின் அளவையும் கனத்தையும் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வெள்ளையைத்தான். எழுத்தின் கறுப்பு அதற்குப் பிறகு வரும் கேள்வி.

முதலில் தாளைப் பார்ப்போம். மாத இதழ்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வாங்கும் நியூஸ்பிரிண்ட் பெரும்பாலும் 45 ஜிஎஸ்எம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். பழைய காகிதத்தை அரைத்த கூழிலோ, மரத்தை இயந்திரத்தில் அரைத்த கூழிலோ செய்தது. மேப்லித்தோ தாளில் இருப்பதுபோல மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு இதில் கிடையாது. வெப் ஆப்செட் இயந்திரத்தில் செய்தித்தாளுக்குப் பயன்படுத்தும் மை சூட்டில் காய்வதில்லை, தாளுக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் அடங்குகிறது. அப்படி உறிஞ்சும்போது கீழே மட்டும் இறங்காமல் நார் போகும் பக்கமெல்லாம் கொஞ்சம் நகரும். அதனால் பிளேட்டில் இருந்த கோட்டைவிட தாளில் விழுந்த கோடு தடித்திருக்கும்.

எவ்வளவு தடிக்கும் என்பதற்கு ஓரளவு நம்பகமான கணக்கு உண்டு. செய்தித்தாள் அச்சுக்கான சர்வதேசத் தரவிதியான ஐஎஸ்ஓ 12647-3, பரப்பில் பாதியை மறைக்கும் புள்ளித்திரை தாளில் விழும்போது 76 சதவீதத்தை மறைப்பதுபோலத் தெரியும் என்று எதிர்பார்க்கிறது. 26 சதவீதம் கூடுவது குறையாகக் கருதப்படுவதில்லை, நல்ல அச்சே அப்படித்தான் வரும் என்று ஒப்புக்கொள்ளும் விதி அது. படங்களுக்குச் சொன்ன அந்தக் கணக்கை எழுத்தின் ஓரத்துக்கு மாற்றினால், ஒரு பக்கத்துக்கு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.025 வருகிறது. கோட்டின் இரண்டு ஓரத்திலும் அவ்வளவு கூடினால் கறுப்பு 0.05 மில்லிமீட்டர் அகலமாகும். அதே 0.05 சுழிக்குள் இருக்கும் வெள்ளையிலிருந்து போகும். உங்கள் அச்சகத்தில் இது கூடலாம், குறையலாம். கணக்குப் போட இந்த எண் போதும்.

0.05 மில்லிமீட்டர் சின்ன விஷயமாகத் தோன்றும். பெரிய தலைப்பில் அது ஒன்றுமே இல்லை. 9 பாயிண்ட் எழுத்தின் சுழியில் அது மூன்றில் ஒரு பங்கு.

தமிழுக்கு இந்த இழப்பு கூடுதலாக வலிக்கும். நம் எழுத்தில் பொருளை மாற்றும் குறிகள் எல்லாமே மிகச் சிறியவை. கொடிக்கும் கோடிக்கும் உள்ள வேறுபாடு கொம்பின் தலையில் இருக்கும் ஒரு சுழி. பெட்டிக்கும் பேட்டிக்கும் அதே சுழிதான். பிடிக்கும் பீடிக்கும் நடுவே இருப்பது மேல்விலங்கின் நுனியில் ஒரு சின்ன வளையம். 'பல' என்பதும் 'பல்' என்பதும் ஒரு புள்ளியில் வேறாகின்றன. ஏகார ஓகாரங்களைத் தனியாகக் காட்டும் அந்தச் சுழி வீரமாமுனிவர் காலத்தில் வந்த சீர்திருத்தம் என்பார்கள். அதற்கு முந்தைய ஓலைகளில் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. படித்தவர் சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்றைய வாசகரும் கதைக்குள் இருக்கும்போது அப்படித்தான் ஊகித்துக்கொள்கிறார், ஊகிக்கிறோம் என்பது தெரியாமலேயே. கண் வலிக்கிறது என்று அவர் சொல்வது அந்த ஓயாத ஊகத்தின் களைப்பு. ஊர்ப்பெயர், ஆள்பெயர், விலை, மருந்தின் அளவு, தொலைபேசி எண் ஆகியவற்றில் ஊகிக்கவும் வழியில்லை. 3-இன் வாய் அடைத்தால் 8 ஆகிவிடும்.

இனி ஒரு இதழை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18-க்கு 24 சென்டிமீட்டர் பக்கம், 48 பக்க மாத இதழ், 45 ஜிஎஸ்எம் நியூஸ்பிரிண்ட். பக்கத்தில் இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் 7.25 சென்டிமீட்டர் அகலம். எழுத்து நிற்கும் உயரம் 21 சென்டிமீட்டர். இப்போது 9 பாயிண்ட் போல்டு, வரிக்கு வரி 12 பாயிண்ட். கதையும் கட்டுரையுமாக 40 பக்கம் இந்த எழுத்தில் ஓடுகிறது.

ஃபாண்டின் சுழியை அளக்க விசேஷ மென்பொருள் எதுவும் வேண்டாம். இன்டிசைனிலோ கோரல்டிராவிலோ 'கே' என்று அடித்து அதன் அளவை 1000 பாயிண்ட் ஆக்குங்கள். கொம்பின் மேல் சுழிக்குள் சரியாகப் பொருந்தும்படி ஒரு சின்னக் கட்டம் வரைந்து, அதன் அகலம் எத்தனை பாயிண்ட் என்று பாருங்கள். 50 என்று வந்தால், அந்தச் சுழியின் வெள்ளை எழுத்து அளவில் ஆயிரத்தில் 50 பங்கு. இதேபோல நேர்க்கோட்டின் தடிமனையும் அளந்துவிடலாம். ஒரு ஃபாண்டுக்கு ஐந்து நிமிட வேலை.

நம் இதழின் ஃபாண்டில் போல்டுக்குக் கோடு 120 பங்கு, சுழியின் வெள்ளை 50 பங்கு. அதே குடும்பத்தின் மீடியத்தில் கோடு 92, வெள்ளை 72. ரெகுலரில் கோடு 75, வெள்ளை 85. எண்கள் ஃபாண்டுக்கு ஃபாண்டு மாறும். ஆனால் போக்கு எப்போதும் இதுதான்: எழுத்தைத் தடிக்க வைக்கும்போது கோடு வெளியே வளர்வதற்கு இடம் குறைவு, அதனால் உள்ளே வளர்ந்து வெள்ளையைத் தின்னும். ஆங்கில 'o'வைவிட நம் கொம்புச் சுழியில் இது மிக வேகமாக நடக்கும்.

ஒரு பாயிண்ட் என்பது 0.353 மில்லிமீட்டர். 9 பாயிண்ட் போல்டில் சுழியின் வெள்ளை 0.16 மில்லிமீட்டர். மை பரவி 0.05 போனால் மிச்சம் 0.11.

0.11 மில்லிமீட்டர் போதுமா? பார்வைச் சோதனையில் 6/6 என்று எழுதித் தருகிறார்களே, அந்தக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிந்த மிகச் சிறிய இடைவெளி ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. இதழைக் கையில் பிடித்துப் படிக்கும் 35 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.1 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது நம் போல்டு சுழி, குறையே இல்லாத கண்ணுக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதுவும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்கும்போது. நியூஸ்பிரிண்டின் பின்னணி சாம்பல் கலந்த மஞ்சள். அதில் விழும் கறுப்பும் ஆழ்ந்த கறுப்பு அல்ல. 6/12 பார்வை உள்ளவர், அதாவது கண்ணாடியை மாற்ற வேண்டிய காலம் கடந்தும் மாற்றாத நம் வாசகர்களில் பலர், 0.2 மில்லிமீட்டர் இருந்தால்தான் அந்த வெள்ளையைக் காண்பார்கள்.

இப்போது 10 பாயிண்ட் ரெகுலர். வெள்ளை 85 பங்கு என்றால் 0.30 மில்லிமீட்டர், மை பரவிய பின் 0.25. 6/12 கண்ணுக்கும் கொஞ்சம் மீதி இருக்கிறது. 10 பாயிண்ட் மீடியம் என்றால் 0.25-இல் தொடங்கி 0.20-க்கு வந்து, சரியாக அந்தக் கண்ணின் விளிம்பில் நிற்கிறது. 9 பாயிண்டிலேயே இருந்துகொண்டு ரெகுலருக்கு மாறினால் 0.27-இல் தொடங்கி 0.22. போல்டை விட்டு ரெகுலருக்கு வருவது மட்டுமே வெள்ளையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. அளவைக் கூட்டியது அதன்மேல் ஒரு சின்னச் சேர்ப்புதான். பெரும்பாலானவர்கள் அளவைத்தான் முதலில் தொடுவார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கனத்தைத்தான் முதலில் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"ரெகுலர் மெலிசாகத் தெரியுமே" என்ற பயம் நியாயமானது. ஆனால் மை பரவுவது இங்கே உதவிக்கு வருகிறது. 10 பாயிண்ட் ரெகுலரின் கோடு 0.26 மில்லிமீட்டர். தாளில் அது 0.31 ஆகும். திரையில் மீடியத்தின் கோடு 0.32. நியூஸ்பிரிண்டே ரெகுலரை மீடியமாக்கிக் கொடுக்கிறது. தாளில் என்ன கனம் வேண்டுமோ அதற்கு ஒரு படி கீழே திரையில் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

ஒரு படி கீழே என்றேன். இரண்டு படி இறங்கி லைட்டுக்குப் போகக் கூடாது. மெல்லிய கோட்டுக்கு வேறு எதிரிகள் உண்டு. நியூஸ்பிரிண்டிலிருந்து உதிரும் நார்த்தூசி பிளாங்கெட்டில் ஒட்டி, அந்த இடத்தில் மை ஏறாமல் செய்யும். 0.3 மில்லிமீட்டர் கோட்டில் அது ஒரு சிறு பொத்தல். 0.15 மில்லிமீட்டர் கோட்டில் எழுத்து அறுந்துவிடும். தண்ணீர் கூடி மை குறைந்தாலும் முதலில் காணாமல் போவது மெல்லிய கோடுதான். கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இழையாக மெலிந்தும் வரும் அலங்கார ஃபாண்ட்களை உள்பக்க எழுத்துக்குத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். தடித்த பகுதி அடைக்கும், மெலிந்த பகுதி அறுபடும், இரண்டு கெடுதலும் ஒரே எழுத்தில். கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரே சீராக ஓடும் ஃபாண்டே இந்தத் தாளுக்கு ஏற்றது.

ரெகுலருக்கும் மீடியத்துக்கும் நடுவே ஒரு கனம் வேண்டும் என்று தோன்றும் அச்சகங்கள் உண்டு. ஆங்கிலச் செய்தித்தாள்களுக்கு இந்த வசதியை ஃபாண்ட் செய்பவர்களே யோசித்துக் கொடுத்தார்கள். 1990-களில் வந்த பாய்ன்டர் எழுத்து வகையில் ஒரே எழுத்தை நான்கு நுணுக்கமான கனங்களில் செய்தார்கள். கனம் மாறினாலும் அகலம் மாறாது, அதனால் எந்த அச்சகத்துக்கு எது பொருந்துமோ அதை வைத்துக்கொண்டு பக்கத்தைக் கலைக்காமல் அச்சிடலாம். அதற்கு முன்பே, 1978-இல், மேத்யூ கார்ட்டர் அமெரிக்கத் தொலைபேசி டைரக்டரிக்காகச் செய்த பெல் சென்டினியல் எழுத்தில் கோடுகள் சேரும் மூலைகளில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டியிருந்தார். மலிவான தாளில் மை வந்து அந்தப் பள்ளத்தை நிரப்ப, எழுத்து ஒழுங்கான வடிவத்துக்கு வந்துவிடும். நமக்கு இன்று கையில் இருப்பது கனத்தை நகர்த்தும் வசதியுள்ள வேரியபிள் ஃபாண்ட்கள். நோட்டோ சான்ஸ் தமிழிலும் அனெக் தமிழிலும் ரெகுலரின் 400-க்கும் மீடியத்தின் 500-க்கும் நடுவே எந்த எண்ணையும் வைக்கலாம். கனம் கூடினால் அகலமும் சற்று மாறும் என்பதால், இதழ் முழுவதையும் அமைப்பதற்கு முன்பே எண்ணை முடிவு செய்துவிட வேண்டும். முக்த மலரிலும் ஹிந்த் மதுரையிலும் மீடியம் தனியாகவே கிடைக்கிறது. யூனிகோடு ஃபாண்டை இன்டிசைனில் போடும்போது பத்தி அமைப்பில் Adobe World-Ready Paragraph Composer-ஐத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும்.

ஃபாண்டில் போல்டு தனியாக இல்லாதபோது மென்பொருளின் 'B' பொத்தானை அழுத்திச் செய்யும் போலி போல்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எழுத்தின் விளிம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு மை பூசுவது மட்டும்தான். சுழியைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு அதற்கு இல்லை. அதேபோல இடத்தை மிச்சப்படுத்த எழுத்தைக் குறுக்குவாட்டில் 85 சதவீதமாக நெருக்குவதும் சுழியைத்தான் பிழிகிறது. இரண்டையும் இந்தத் தாளில் செய்யவே கூடாது.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாயிண்ட் எண்ணை வைத்து இரண்டு ஃபாண்டை ஒப்பிட முடியாது. ஒரு ஃபாண்டின் 10 பாயிண்ட் இன்னொன்றின் 12 பாயிண்ட் அளவுக்குத் தெரியும். பழைய முறை ஃபாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாறும் இதழ்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஒப்பிட வேண்டியது 'ப' எழுத்தின் உயரத்தை. நம் இதழின் ஃபாண்டில் 9 பாயிண்டில் 'ப' 1.7 மில்லிமீட்டர் உயரம், 10 பாயிண்டில் 1.9. நியூஸ்பிரிண்டில் பொதுவாசகருக்கு 1.8-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன். முதியவர்கள் அதிகம் படிக்கும் இதழானால் 2 மில்லிமீட்டர்.

எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடுமே என்ற கவலை ஆசிரியருக்கு வரும். காகிதத்துக்கும் எழுத்தின் அளவுக்கும் உள்ள இழுபறி நம் அச்சின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதத்தை ஏராளமாகத் தின்றது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-இல் முடிந்த பின்பகுதி அந்தச் சிறிய எழுத்தில் வந்தது.

நம் 48 பக்க இதழில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். போல்டு எழுத்து ரெகுலரைவிட அகலமானது. நம் ஃபாண்டில் அது பத்து சதவீதம் அகலம் என்றால், 9 பாயிண்ட் போல்டு ஒரு வரியில் எடுத்துக்கொண்ட இடத்தையே 10 பாயிண்ட் ரெகுலரும் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளும். ஆக அகலத்தில் நஷ்டமில்லை. உயரத்தில்தான் நஷ்டம். 12 பாயிண்ட் வரியிடையில் 21 சென்டிமீட்டருக்கு 49 வரி நின்றது. 10 பாயிண்டுக்கு 13 பாயிண்ட் வரியிடை வைத்தால் 45 வரிதான் நிற்கும். 40 பக்க எழுத்து 43 பக்கத்தைத் தாண்டும். இதழ் பாரம் பாரமாக அச்சாவதால் நினைத்த இடத்தில் மூன்று பக்கம் கூட்ட முடியாது.

அதனால் பக்கத்தின் மேலே இதழ்ப்பெயரும் கோடும் எடுத்துக்கொண்ட இடத்திலிருந்து 6 மில்லிமீட்டரை எடுத்து, எழுத்து நிற்கும் உயரத்தை 21.6 ஆக்குகிறோம். இப்போது 47 வரி. 40 பக்கம் ஏறக்குறைய 42 பக்கம் ஆகிறது. அந்த இரண்டு பக்கத்தைத் தலைப்புகளின் மேல் விட்ட இடத்திலும் அலங்காரக் கட்டங்களிலும் எடுத்துவிடலாம். வரியிடையை 12-க்கு இறக்கி அதை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். தமிழில் மேலே மேல்விலங்கும் புள்ளியும், கீழே 'று', 'ழு', 'து'வின் வால்களும் இருக்கின்றன. மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொட்டால் புள்ளி அந்த வாலின் நுனியாகிவிடும். அளவைப்போல 1.3 மடங்குக்குக் குறையாமல் வரியிடை இருக்க வேண்டும்.

கணக்கு இதுவரைதான் கூட்டிவரும். முடிவு செய்ய வேண்டியது தாளில். அலுவலக லேசர் பிரிண்டரில் வெள்ளைத் தாளில் எடுத்துப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதில் எல்லாமே அழகாக வரும். அச்சகத்தில் அடுத்த இதழின் ஒரு பாரத்தில், விளம்பரம் வராமல் போன கால் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதே ரீல், அதே மிஷின். அதில் ஒரே பத்தியை 9, 9.5, 10, 10.5 பாயிண்டில், ரெகுலரிலும் மீடியத்திலும் போடுங்கள். பத்தி கதையாக இருக்கக் கூடாது. கதையை வாசகர் ஊகித்துவிடுவார். கொடி, கோடி, பெட்டி, பேட்டி, பிடி, பீடி, பல, பல், நூறு, ஞாயிறு, இணை, ஜூஸ், ஹைக்கூ, ஸ்ரீ, 3, 8, 6, 9 என்று தொடர்பில்லாமல் கலந்து வையுங்கள்.

அச்சானதும் மிஷின் ஓடத் தொடங்கிய சமயத்துப் பிரதி ஒன்று, நடுவே ஒன்று, முடியும்போது ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மை ஓட்டம் மூன்றிலும் ஒன்றாக இருக்காது. மூன்றிலும் தாங்கும் எழுத்தே உங்களுக்கு வேண்டியது. பின்பக்கத்திலும் எழுத்து அச்சாகியிருக்க வேண்டும், ஏனென்றால் மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்து முன்பக்க வெள்ளையை மேலும் மங்கச் செய்யும். பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள், எதை மாற்றிப் படிக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தயக்கம் நிற்கும் முதல் அளவுதான் உங்கள் அளவு.

சோதனைப் பிரதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குறை எங்கே என்றும் தெரிந்துவிடும். எல்லாப் பிரதிகளிலும் அதே சுழிகள் அடைத்திருந்தால் ஃபாண்டின் கனமோ அளவோ தவறு. சில பிரதிகளில் மட்டும் அடைத்து மற்றவற்றில் திறந்திருந்தால் மிஷினில் மை கூடியிருக்கிறது. நிற்கும் கோடுகள் தடித்துப் படுத்த கோடுகள் சரியாக இருந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், மை ஒரு திசையில் இழுபட்டிருக்கிறது. பிளாங்கெட்டின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஃபாண்டை மாற்றிப் பயனில்லை. ஒரே எழுத்து ஒரே இடத்தில் எல்லாப் பிரதிகளிலும் அறுந்திருந்தால் பிளேட்டில் கோளாறு.

பிளேட் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சின்ன அச்சகங்களில் இன்றும் பட்டர் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து அதிலிருந்து பிளேட் போடும் வழக்கம் இருக்கிறது. 600 டிபிஐ பிரிண்டரின் ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர். நம் 9 பாயிண்ட் போல்டு சுழியின் வெள்ளை மொத்தமே நான்கு புள்ளி அகலம். டோனர் ஓரத்தில் ஒரு புள்ளி சிதறினாலும், மை தாளைத் தொடுவதற்கு முன்பே கால்வாசி வெள்ளை போய்விட்டது. கணினியிலிருந்து நேராக பிளேட் எடுக்கும் சிடிபி-யில் புள்ளி இதில் நான்கில் ஒரு பங்குதான். பட்டர் பேப்பரிலேயே பிளேட் போடுபவர்கள் இன்னும் அரை பாயிண்ட் கூட்டிக்கொள்வது நல்லது.

எழுத்தின் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். உள்பக்க எழுத்து 100 சதவீதக் கறுப்பு மட்டுமாக, ஒரே பிளேட்டில் இருக்க வேண்டும். வேர்டிலிருந்து வந்த எழுத்து சில நேரம் நான்கு நிறமும் கலந்த கறுப்பாக மாறிவிடும். நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினால் சுழி மூடிக்கொள்ளும். மென்மையாக இருக்கட்டும் என்று 70 சதவீதச் சாம்பலில் எழுத்து போடுவதும் இந்தத் தாளுக்கு ஆகாது. சாம்பல் என்பது அச்சில் புள்ளித்திரைதான். செய்தித்தாளுக்கு வழக்கமான 100 வரித் திரையில் ஒரு புள்ளியின் கட்டம் 0.25 மில்லிமீட்டர், அதாவது நம் ரெகுலர் எழுத்தின் கோடு முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளி. எழுத்தின் ஓரம் அரித்ததுபோல வரும்.

கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து போடும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே மை எழுத்துக்குள் நுழைகிறது, கோடு 0.05 மில்லிமீட்டர் மெலிகிறது, சுழி அகலமாகிறது. அந்த ஒரு இடத்தில் போல்டைத் தாராளமாகப் போடலாம், அளவை 11 பாயிண்டுக்கு ஏற்றிக்கொண்டு.